நீளச் சொல்லா, குட்டைச் சொல்லா: மேக்பெத்தின் இரண்டு வரிகள்

ஆங்கிலக் கவிதையில் லத்தீன் வழி வந்த நீளச் சொற்கள் எடுபடுமா, அன்றாடம் புழங்கும் குட்டைச் சொற்களா? இதற்கு ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியைப் பாருங்கள். அரசனைக் கொன்றுவிட்டு வந்த மேக்பெத், இந்தக் கை கழுவினாலும் சுத்தமாகாது, கடலையே சிவப்பாக்கிவிடும் என்கிறான்:

"தி மல்ட்டிட்யூடினஸ் சீஸ் இன்கார்னடைன்,
மேக்கிங் தி கிரீன் ஒன் ரெட்."

முதல் வரியில் எண்ணற்ற என்று பொருள்படும் 'மல்ட்டிட்யூடினஸ்', சிவப்பாக்கு என்று பொருள்படும் 'இன்கார்னடைன்' ஆகிய இரண்டு லத்தீன் வழிச் சொற்களே ஒன்பது அசையை விழுங்கிவிடுகின்றன. வாய்விட்டுப் படித்தால் அலை உருண்டு வருவது போல இருக்கும், ஆனால் அதில் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, பிரம்மாண்டம்தான் தெரியும். அடுத்த வரியில் 'மேக்கிங்' தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். பச்சை, சிவப்பு, அவ்வளவுதான். அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது.

சரி, இரண்டையும் எளிய சொல்லிலேயே எழுதியிருந்தால்? விஷயம் புரியும், அவன் மனம் பயத்தில் எவ்வளவு பெரிதாக வீங்கியிருக்கிறது என்பது போய்விடும். இரண்டும் லத்தீன் என்றால் வெறும் மேடைப் பேச்சு. கலந்ததால்தான் வீக்கமும் விழுகையும் சேர்ந்து கிடைக்கின்றன, அதுவும் இந்த வரிசையில். எளிய வரி முதலில் வந்திருந்தால் நீளச் சொல் வெறும் அலங்காரமாகிவிடும் என்பது என் கணிப்பு.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிறப்பை மட்டும் வைத்துச் சொல்லை எடை போட முடியாது. இதற்கு முன் வரும் 'ஓஷன்' கூட லத்தீன் வழி வந்ததுதான், ஆனால் புழங்கிப் புழங்கி வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது.