பிளவுஸ் பிட்டில் குத்திய சீட்டு: புடவைக் கடையும் தையல் கடையும் கைகோத்தால்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பக்கத்துப் பக்கத்துக் கடைகள் சேர்ந்து செய்யும் விளம்பரங்களில் நெடுநாள் தாக்குப்பிடிக்கக்கூடியது புடவைக் கடை, தையல் கடை ஜோடிதான். புடவையோடு வரும் பிளவுஸ் பிட்டைத் தைக்க எப்படியும் ஒரு தையல்காரர் வேண்டும். சாப்பாட்டுக் கடையும் நகைக்கடையும் சேர்ந்து அடிக்கும் நோட்டீஸுக்கு இந்த இழுப்பு கிடையாது.

புடவை வாங்குபவரிடம் தையல் கடையின் சலுகைச் சீட்டைப் புடவைக் கடையே கொடுத்தனுப்புவதுதான் ஏற்பாடு. செலவு சொற்பம். ஏ4 தாளில் எட்டுச் சீட்டு வரும்படி ஜெராக்ஸ் எடுத்து வெட்டினால் 25 தாளில் 200 சீட்டு. தாள் 20 காசு என்றால் மொத்தம் 5 வெள்ளி. சீட்டில் தையல் கடை இருக்கும் இடம், சலுகை, கடைசித் தேதி, புடவைக் கடை முத்திரை இருந்தால் போதும்.

சீட்டை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பில்லோடு பையில் போட்டால் வீட்டில் குப்பைக்குப் போகும். பிட்டைக் கத்தரித்துத் தனியாக மடிக்கும்போது அதன் மடிப்பிலேயே குண்டூசியால் குத்திவிட வேண்டும். தைக்கக் கொடுக்கப் பிட்டைப் பிரிக்கும்போது சீட்டும் கண்ணில் படும்.

சலுகையாகத் தையல்கூலியில் பத்து சதவீதம் குறைப்பதைவிட, பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவது மேல். தையல்காரருக்கு அதில் நேரம்தான் செலவு, வாங்குபவருக்கோ ஒரு வேலை மிச்சம். ஃபால்ஸ் துணிக்குத் தனிக்காசு என்பதைச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கல்லாவில் வாக்குவாதம்தான்.

திரும்பி வரும் சீட்டை அப்படியே எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. 100 சீட்டு கொடுத்து 12 வந்தது, அதில் 7 பேர் ஏற்கெனவே அங்கே தைப்பவர்கள் என்று வையுங்கள். புதிதாக வந்தது ஐந்து பேர். மற்ற ஏழு பேருக்கும் சும்மா வேலை செய்துகொடுத்ததாகத்தான் கணக்கு. சீட்டை வாங்கும்போதே புதியவர், பழையவர் என்று மூலையில் ஒரு குறி போட்டால் இது தெரிந்துவிடும். சீட்டே வரவில்லையா? முதலில் புடவைக் கடையில் மிச்சமிருக்கும் சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் விற்பனைப் பெண் குத்த மறந்திருப்பார்.

மனஸ்தாபம் வருவதும் எண்ணிக்கையில்தான். புடவைக் கடை அனுப்பும் அளவுக்குத் தையல் கடையால் ஆளைத் திருப்பி அனுப்ப முடியாது. அதற்கு ஈடாக, தைத்த பிளவுஸ் ஒன்றைப் புடவைக் கடை பொம்மைக்கு மாட்டி, மாதம் ஒருமுறை மாற்றித் தருவது நியாயமான ஏற்பாடு. அந்தப் பொம்மை கட்டியிருக்கும் புடவைதான் அதிகம் விசாரிக்கப்படும்! எல்லாம் கடைக்குள்ளேயே இருக்கட்டும். ஐந்தடியிலோ கம்பத்திலோ ஒட்டப் போனால் மாநகர் மன்ற அனுமதி என்று இன்னொரு தலைவலி.

தீபாவளிக்குப் பல வாரம் முன்பே தையல் கடைகள் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடும். புடவை அதிகம் விற்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் பழைய சீட்டோடு போனவரைத் திருப்பி அனுப்பினால், திட்டு புடவைக் கடைக்குத்தான் விழும். ஆகவே கடைசித் தேதியைத் தையல்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் ஆர்டர் வாங்குவதை நிறுத்தும் அன்றே புடவைக் கடையிலிருந்து மிச்சச் சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும்.