டிராக்டர் ஸ்பேர் விற்க டீலரா, நம் ஆளா?

மன்னார்குடி பக்கம் சேற்றுழவு ஓடும் நாட்களில் ஒரு வாடகை டிராக்டரின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனால் என்ன நடக்கும்? மெக்கானிக் வந்து வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிப்பார். பிரித்துப் போட்டுவிட்டு, பையனைப் பைக்கில் பக்கத்து ஊர்க் கடைக்கு அனுப்புவார். எந்தக் கம்பெனி பிளேட் என்று சொல்லி அனுப்புவது மெக்கானிக். வண்டிக்காரர் பணம் கொடுப்பதோடு சரி. கடையில் அது இல்லையென்றால் பையன் இன்னொன்றை வாங்கி வந்துவிடுவான். நாளைக்குச் சரக்கு வரும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

புதிதாக ஸ்பேர் விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் "டீலருக்கு ஏன் 20 சதவீதம் கொடுக்க வேண்டும்? ஒரு ஆளைப் போட்டு நேரே விற்றுவிடலாமே" என்றுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைனுக்குப் போகும் ஆளுக்குச் சம்பளம் 18,000, பெட்ரோலும் பேட்டாவும் 10,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 28,000 ரூபாய். டீலருக்குப் போகும் 20 சதவீதத்தை மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட, அவர் மாதம் 1,40,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு பில் சராசரி 2,500 என்றால் 56 பில். நாளுக்கு இரண்டு பில்தானே, முடியாதா என்று தோன்றும். ஆனால் கிராமத்து மெக்கானிக் ரொக்கமாக வாங்குவது குறைவு. விற்க ஒரு நடை, வசூலுக்கு இரண்டு நடை. மூன்றாம் மாதத்தில் நம் ஆள் விற்பனையை விட்டுவிட்டு வசூலுக்கு அலைந்துகொண்டிருப்பார். அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் வியாபாரம் படுத்துவிடும், சம்பளம் படுக்காது. டீலர் என்றால் அவர் விற்ற சரக்குக்கு மட்டும்தான் நாம் மார்ஜின் கொடுக்கிறோம்; கடனும் அவர் தலையில்.

அதனால் டீலரே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. கடைக்காரருக்கு நம் பெட்டியும் ஒன்று, பக்கத்துப் பெட்டியும் ஒன்று. எதில் நாலு காசு கூட நிற்கிறதோ அதைத்தான் எடுத்துப் போடுவார். கடைக்குள் போனதும் நான் பெட்டியின் மேல் தூசியைப் பார்ப்பேன், அப்புறம் பேட்ச் எண்ணை. ஆறு மாதத்துக்கு முந்தைய பேட்ச் முன்வரிசையிலேயே இருந்தால், ஸ்கீமுக்காக வாங்கி அடுக்கியிருக்கிறார், சரக்கு நகரவில்லை என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய குறை, டீலர் வழியாகச் சேதி வராது. ஒரு முறை ஒரே கடையிலிருந்து மூன்று கிளட்ச் பிளேட் திரும்பி வந்தது. காரணம் கேட்டால் "பிளேட் சரியில்லையாம்" என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. கழற்றிய மெக்கானிக்கைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பிளேட்டின் மேற்பரப்பு ஒரு பக்கம் மட்டும் கருத்து, விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் இறங்கியிருக்கிறது. பிளேட் மேல் தப்பில்லை. சீலை மாற்றாமல் எந்தக் கம்பெனி பிளேட் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். மெக்கானிக்குக் கோபம் வந்ததும் நியாயம்தான். நாம் மாற்றுப் பிளேட் கொடுப்போம், வண்டியை மறுபடி பிரிக்கிற கூலியை யார் கொடுப்பது? அன்று போகாமல் இருந்திருந்தால் அந்த வட்டாரத்தில் நம் பிளேட்டின் பேர் கெட்டிருக்கும்.

ஆகவே எந்த ஸ்பேர் என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் எல்லாம் வண்டி நின்ற பிறகு தேடுகிற சாமான். கைக்கெட்டும் தூரத்துக் கடையில் இருந்தால்தான் விற்கும். இதற்கு டீலரை விட்டால் வழியில்லை. ரோட்டவேட்டர் கத்தி அப்படியில்லை. தேய்வது கண்ணுக்குத் தெரியும், உழவு தொடங்கும் முன்பே மாற்றுவார்கள். ஆறடி ரோட்டவேட்டருக்குப் பெரும்பாலும் 42 கத்தி, இடது பாதி வலது பாதி. செட்டாகப் போவதால் பில்லும் பெரிது. மூன்று, நான்கு வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறவரிடம் நம் ஆள் போய் உட்கார்ந்தால் அந்த நடைக்குப் பலன் உண்டு. ஆனால் டீலர் விற்கும் விலைக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. போனால் மறுநாளே நம் கிளட்ச் பிளேட் பெட்டிகள் அவர் கடையின் பின்வரிசைக்குப் போய்விடும்.

இப்போது எங்களிடம் லைனுக்கு ஒரே ஆள்தான். சீசனுக்கு முன் கத்தி விற்கிறார். மற்ற நாட்களில் மெக்கானிக்குகளைப் பார்த்து, ஆர்டர் கிடைத்தால் பக்கத்து டீலர் பேரிலேயே பில் போட வைக்கிறார். வசூல் அவர் வேலையில்லை. கழற்றிப் போட்ட பிளேட் எங்கே கிடந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புவதுதான் வேலை.