விசிலா, ஊகமா? 800 மீட்டர் ஓட்டத்தில் வேகத்தைப் பங்கிடக் கற்றுத்தரும் இரண்டு வழிகள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் மண் டிராக்தான் பெரும்பாலும் இருக்கும். 800 மீட்டருக்கு நான்கு ரவுண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதன்முறையாக ஓடினால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: முதல் ரவுண்டு 40 நொடி, அடுத்தது 50, மூன்றாவது 58, கடைசி 54. மொத்தம் 3 நிமிடம் 22 நொடி. கேட்டால், "மொதோ ரவுண்டு ஜம்முனு இருந்துச்சுங்க சார், அப்புறம் காலே வரலைங்க" என்று சொல்லும்.

அது சொல்வது உண்மை. ஓடத் தொடங்கிய முதல் சில நொடிகளுக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பே சக்தி தருகிறது. மூச்சும் இதயத் துடிப்பும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் எந்த வேகத்தில் போனாலும் முதல் 100 மீட்டர் சுலபமாகவே தெரியும். செலவு செய்த பிறகுதான் உடம்பு சேதி சொல்கிறது. கற்றுத்தர வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான்.

பலரும் எடுக்கும் வழி விசில். 50 மீட்டருக்கு ஒரு செங்கல் வைத்து, 12 நொடிக்கு ஒருமுறை விசில் அடிப்பார்கள். விசில் கேட்கும்போது பிள்ளை செங்கல்லில் இருக்க வேண்டும். ரவுண்டு 48 நொடி, 800 மீட்டர் 3 நிமிடம் 12 நொடி. பிழை உடனே கண்ணுக்குத் தெரிவது இதன் பெரிய பலம். முதல் செங்கல்லுக்கு 9 நொடியில் வந்து நிற்கும் பையனுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் அதே பையன் சீக்கிரமே ஒரு தந்திரம் கண்டுபிடிப்பான். விரைந்து ஓடி, செங்கல்லுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, விசிலுக்காகக் காத்திருப்பான். காது வேலை செய்கிறது, உடம்பைக் கவனிப்பதில்லை. விசிலை எடுத்துவிட்டால் பழைய 40 நொடி ரவுண்டு திரும்பிவிடும். வகுப்பில் எல்லோருக்கும் 12 நொடி பொருந்தாது என்பது இன்னொரு சிக்கல். குறைந்தது மூன்று குழுவாகப் பிரித்தாக வேண்டும்.

அடுத்த வழி ஊகம். எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு ரவுண்டு, 800 மீட்டர் ஓடும் வேகத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். ஓடி முடித்ததும், நேரத்தைச் சொல்வதற்கு முன், எந்த ரவுண்டு எத்தனை நொடி என்று பிள்ளையே சொல்ல வேண்டும். இரண்டு ரவுண்டுக்கும் உள்ள வித்தியாசமும் ஊகத்தில் வந்த பிழையும் கூட்டி வருவது மதிப்பெண். குறைவாக எடுப்பவர் ஜெயிக்கிறார். 45, 51 என ஓடிவிட்டு "48, 48" என்று சொன்னால், வித்தியாசம் 6, ஊகப்பிழை 3, 3. ஆக 12. 55, 56 ஓடி அப்படியே சரியாகச் சொன்ன பிள்ளைக்கு 1. வகுப்பில் மெதுவாக ஓடுபவர் முதலிடம் வர முடிகிறது. அதனால் எல்லோரும் கவனமாக ஓடுகிறார்கள்.

ஸ்டாப்வாட்ச் ஒன்றே போதும். நான்கு பேரைப் பத்து நொடி இடைவெளியில் விடுங்கள். அவர்கள் கோட்டைத் தாண்டும் நேரத்தை நோட்டுப் பிடித்த ஜோடிப் பிள்ளைகள் எழுதட்டும். பின்னால் கிளம்பியவர்களுக்கு 10, 20, 30 கழித்துக்கொள்ளலாம். நேரத்தைக் கத்திச் சொல்லக் கூடாது. இடைவெளி விட்டு அனுப்புவதால் முன்னால் போகிறவனைத் துரத்தும் ஆசையும் குறையும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. சும்மா ஜாக்கிங் போனால் மதிப்பெண் சுலபமாகக் கிடைத்துவிடும். அதைப் பிடிக்க ஒரு குறள் போதும். இரண்டாவது ரவுண்டு முடிந்த கையோடு சொல்லச் சொல்லுங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் ஓட்டம் மெத்தனம். இரண்டு மூன்று சீருக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் 800-க்கு உரிய வேகம். இந்தச் சோதனையை முதல் 100 மீட்டரில் வைக்காதீர்கள். மூச்சு இன்னும் ஏறாததால் அங்கே எல்லோரும் முழுக் குறளும் சொல்லிவிடுவார்கள்.

நம் ஊரில் ஊகத்துக்கு ஆதரவாக இன்னொரு காரணமும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் மேற்குக் காற்று. காற்றை எதிர்த்து 50 மீட்டரை 12 நொடியில் ஓடுவதும், காற்று தள்ள அதே 12 நொடியில் ஓடுவதும் ஒரே உழைப்பு அல்ல. அன்றைக்கு விசிலைக் கேட்டு ஓடும் பிள்ளை எதிர்க்காற்றுப் பக்கத்திலேயே தீர்ந்துபோகும். உழைப்பை அளக்கத் தெரிந்த பிள்ளை அங்கே ஒரு நொடி விட்டுக்கொடுத்து, மறுபக்கத்தில் மீட்கப் பார்க்கும். காற்று நாளில் முழு ரவுண்டு நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள், 50 மீட்டர் கணக்கு வேண்டாம்.

விசிலை ஒரேயடியாகத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. காற்றில்லாத முதல் வகுப்பில் அது உதவும். 48 நொடி ரவுண்டு எவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். விசில் நம்ப வைக்கும். அடுத்த வகுப்பில் முதல் ரவுண்டுக்கு மட்டும் விசில், இரண்டாவது மௌனம். அதற்கப்புறம் ஊகம் மட்டும். நான்கு ரவுண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91-ல் உலக சாதனை படைத்தபோது முதல் 400 மீட்டர் 49.28, அடுத்தது 51.63. இரண்டு நொடிச் சொச்சம்தான் வித்தியாசம். நம் பிள்ளையின் முதல் பாதி 90, பின்பாதி 112. இந்த 22 நொடி பத்துக்குள் வந்துவிட்டாலே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.