பாவு நூல் வரவில்லை: முப்பது தட்டா, நாலு தட்டா?

பல்லடம் பக்கம் மாமாவுக்குத் தறிக்குடோன். கழுத்தெலும்பு அடிபட்ட பிறகு விரல்கள் மடங்குவதில்லை. கையில் கட்டிய குச்சியால் ஒரு விசையை அழுத்த மூன்று விநாடி ஆகிறது. அவர் தினமும் அனுப்பும் வரி இது: ‘பாவு நூல் இன்னும் வந்து சேரவில்லை’. தமிழ்99 விசைப்பலகையில் இடைவெளியோடு எண்ணினால் முப்பது தட்டு, அதாவது ஒன்றரை நிமிடம்.

முதலில் சொல் ஊகிப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றிரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் வரும், எண்ணை அழுத்தினால் சொல் விழும். முப்பது தட்டு பதினேழானது: எழுத்துக்குப் பன்னிரண்டு, எண்ணுக்கு ஐந்து. ஆனால் ‘சேரவில்லை’யில் தடுமாறியது. பட்டியலில் ‘சேர’ இருந்தது, விகுதியோடு இல்லை. முக்கால்வாசி அடித்த பிறகே முழுச்சொல் வந்தது. தமிழில் வினைச்சொல்லுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு.

அதைவிடப் பெரிய செலவு பார்வை. “கண்ணுதான் பலகைக்கும் லிஸ்ட்டுக்கும் ஓடிட்டே இருக்குதுங்க மாப்ள” என்றார். பன்னிரண்டு எழுத்துக்குப் பன்னிரண்டு முறை பட்டியலைப் பார்த்தார். முறைக்கு இரண்டு விநாடி வைத்தால் இருபத்து நான்கு. தட்டுக்கு ஐம்பத்தொன்று. மொத்தம் எழுபத்தைந்து விநாடி. மிச்சம் வெறும் பதினைந்துதான்! தட்டுக்கு ஒரு விநாடி மட்டும் ஆகிறவருக்கு ஊகிப்பு நஷ்டமே: முப்பது விநாடி வேலை நாற்பத்தொன்றாகும். கோஸ்டர், லெவின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் தண்டுவடம் பாதித்தவர்களிடம் சோதித்தபோதும் ஊகிப்பு வேகத்தைக் குறைத்ததைத்தான் கண்டார்கள்.

அப்புறம் சுருக்கெழுத்துக்கு மாறினோம். குறுகிய குறியை முழு வரியாக விரிக்கும் ஆட்டோஹாட்கீ என்ற விண்டோஸ் மென்பொருளில் இப்படி:

```
::pnv::பாவு நூல் இன்னும் வந்து சேரவில்லை
::kvn::கூலி வந்துவிட்டதுங்க, நன்றி
```

ஆங்கிலப் பலகையில் pnv என்ற குறியை அடித்து இடைவெளி விட்டால் முழு வரியும் விழும். நாலு தட்டு, பன்னிரண்டு விநாடி. பட்டியலைப் பார்க்கிற வேலையே இல்லை. தமிழுக்குப் பதில் குப்பை எழுத்து விழுந்தால், கோப்பு UTF-8 with BOM ஆகச் சேமிக்கப்படவில்லை என்று பொருள். நோட்பேடில் அப்படிச் சேமித்து, நிரலை மறுபடி ஓடவிட்டால் சரியாகிவிடும்.

இதன் எல்லை நினைவு. முக்கியமான மூன்று சொற்களின் முதல் எழுத்து என்ற ஒரே விதியில் இருபது குறி வரை மாமாவுக்கு நின்றது. அதற்கு மேல் சேர்த்தபோது குழம்பினார். தவறான குறி ஒரு நீண்ட வரியைக் கொட்டிவிடும், அழிக்க Ctrl+Z வேண்டும். குச்சியால் இரண்டு விசையை ஒன்றாக அழுத்த முடியாததால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸை முன்பே போட்டுவைக்க வேண்டியிருந்தது.

என் கணக்கில், தினமும் திரும்பும் வரிகளுக்குச் சுருக்கெழுத்துதான். ஊகிப்பைத் தூக்கி எறியவில்லை. புது வியாபாரி பெயர், எப்போதாவது வரும் நீண்ட சொல் ஆகியவற்றுக்கு அது இருக்கட்டும். மாமா இப்போது மூன்றாவது எழுத்து வரை பட்டியலைப் பார்ப்பதில்லை. அங்கே ஒரே ஒரு முறை பார்க்கிறார். சொல் இல்லையென்றால் மீதியை நேராக அடித்து முடித்துவிடுகிறார்.