மூன்றரை வருட ஸ்டோரேஜ் யூனிட்டும் அதை முடித்துவைத்த ஒரு பக்கக் கடிதமும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு பழையது. 2022இல் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட பில்டரிடம் கொடுத்தோம். வாடகைக்குப் போன வீடு சின்னது. அம்மாவின் தேக்குக் கட்டில், இரண்டு பீரோ, பித்தளை அண்டா, கொலுப்படி, பொம்மைப் பெட்டிகள் எதற்கும் அங்கே இடமில்லை. விற்கவும் மனம் வரவில்லை. அதனால் சென்னைக்குள்ளேயே மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் யூனிட் எடுத்தோம். மூன்றரை வருடம் வைத்திருந்து, 2025 செப்டம்பரில் காலி செய்தோம்.

எடுப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். விடுவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்குப் பணம் போனது விடும்போதுதான். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், பொருள்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பயந்து கூடுதல் பணம் கொடுத்து முதல் மாடியில் 50 சதுர அடி எடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கட்டடத்தின் வாசல்வரை தண்ணீர் நின்றது, எங்கள் யூனிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேக்குக் கட்டில் வைத்தபடியே இருந்தது. பிளைவுட் பீரோவின் பின்பலகை மட்டும் ஈரக்காற்றில் உப்பி, கீழ்ப்பக்கம் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. சுவரை ஒட்டி வைத்தது எங்கள் தவறு. நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்த மற்றொரு பீரோ நன்றாகவே இருக்கிறது. பஞ்சு மெத்தையை வைக்காதீர்கள். எவ்வளவு வெயிலில் போட்டாலும் அந்தப் பூஞ்சை வாடை போகவில்லை.

இனி காலி செய்த கதை. ஆரம்பத்தில் பெரிய யூனிட்டோடு, புத்தகங்களுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும் ஒரு சின்ன யூனிட்டையும் எடுத்திருந்தோம். மாத வாடகை 1,800 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,124. அதை 2023 மே மாதம் விட்டுவிட முடிவு செய்தோம். மே 10ஆம் தேதி மேலாளருக்குப் போன் செய்து, "இந்த மாசக் கடைசியில காலி பண்ணிடறோம் சார்" என்றேன். அவரும் "சரிங்க சார்" என்றார். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கதவில் எங்கள் பூட்டைப் போட்டுவிட்டு வந்தோம்.

ஜூன் 5ஆம் தேதி அடுத்த பில் வந்தது. கேட்டால் இரண்டு காரணம் சொன்னார்கள். நோட்டீஸ் எழுத்தில் வரவில்லை, கதவில் எங்கள் பூட்டு இருக்கும்வரை யூனிட் எங்கள் வசம் இருப்பதாகத்தான் கணக்கு. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன், இரண்டுமே அதில் இருந்தன. உடனே ஜூன் 8ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் கேட்ட நோட்டீஸ் 30 நாள், அன்றிலிருந்து எண்ணினால் ஜூலை 8 ஆகிறது. எங்கள் பில் மாதமோ 5ஆம் தேதி தொடங்கி 4ஆம் தேதி முடியும். ஜூலை 4ஐத் தாண்டிவிட்டதால் ஜூலை 5 பில்லும் சேர்ந்துகொண்டது. காலியாகக் கிடந்த அறைக்கு இரண்டு மாதம், 4,248 ரூபாய். டெபாசிட் 3,600 அதிலேயே கழிந்து, மேற்கொண்டு 648 கட்டினேன். போனில் "சரி" என்றவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சுக்கு என் கையில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்று சட்டத்தில் இருக்கிறதே என்பது என் கேள்வி. சொத்து மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவில் அது உண்மைதான். ஆனால் எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோதுதான் அது செல்லும் என்றார். அதோடு, இந்த யூனிட் ஒப்பந்தங்களில் "குத்தகை" என்று எழுதாமல், இடத்தைப் பயன்படுத்த "உரிமம்" தருவதாகத்தான் எழுதுகிறார்கள். எங்களுடையதும் அப்படித்தான். 106ஆம் பிரிவோ குத்தகைக்கு உரியது. ஆகவே நமக்குச் சட்டம் என்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் வரிகள்தான்.

பெரிய யூனிட்டை விடும்போது ஒப்பந்தத்தை முன்னால் வைத்துக்கொண்டே கடிதம் எழுதினேன். வாடகை கடைசியில் 4,000, வரியோடு 4,720. பில் மாதம் 12ஆம் தேதி தொடங்கி அடுத்த 11ஆம் தேதி முடியும். நோட்டீஸ் 30 நாள், அதுவும் கடிதம் அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. மாதத்தின் நடுவில் காலி செய்தால் மீதி நாள்களுக்குப் பணம் திரும்பாது.

தேதியைப் பின்னாலிருந்து முன்னால் கணக்கிட வேண்டும். புது வீட்டுக்கு ஆடியில் போவதில்லை, கிரகப்பிரவேசம் ஆவணியில். நவராத்திரி செப்டம்பர் 22இல் தொடங்குகிறது, அதற்குள் கொலுப்படி வீட்டில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. அதன் பிறகு விட்டால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், திறந்த வண்டியில் மரச்சாமான் ஏற்ற முடியாது. ஆக, செப்டம்பர் 11இல் முடியும் பில் மாதமே சரியான மாதம். அதற்குக் கடிதம் ஆகஸ்ட் 12க்குள் அவர்களிடம் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளி 13ஆம் தேதி சேர்ந்தாலும் 30 நாள் செப்டம்பர் 12ஐத் தொட்டுவிடும், இன்னொரு 4,720 கட்ட வேண்டும். அதனால் ஆகஸ்ட் 4ஆம் தேதியே அனுப்பினேன்.

ஒப்படைக்கும் நாளாக 11ஐ எழுதவில்லை, 10 என்று எழுதினேன். வண்டி வராமல் போனாலோ, மேலாளர் விடுப்பில் இருந்தாலோ கையில் ஒரு நாள் இருக்கட்டும் என்றுதான். கடிதம் இதுதான் (பெயர், எண்களை எடுத்துவிட்டேன்):

பொருள்: யூனிட் எண் ___, மாத வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்கான 30 நாள் நோட்டீஸ்

ஐயா,

வணக்கம். 12.03.2022 தேதியிட்ட ஒப்பந்தப்படி, முதல் மாடியில் உள்ள மேற்கண்ட யூனிட்டை என் பெயரில் வாடகைக்கு வைத்திருக்கிறேன். இந்த வாடகையை 11.09.2025 அன்று முடியும் பில் மாதத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கேட்டுள்ள 30 நாள் நோட்டீஸாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளவும்.

10.09.2025 புதன்கிழமை காலை 11 மணிக்கு யூனிட்டைக் காலியாக, சுத்தம் செய்து, என் பூட்டை எடுத்துவிட்டு ஒப்படைப்பேன். நுழைவு அட்டைகள் இரண்டையும் அப்போதே தருகிறேன். உங்கள் தரப்பில் ஒருவர் உடனிருந்து பார்த்து, ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன். அந்த நேரம் வசதிப்படாது என்றால், 11.09.2025க்குள் வேறொரு நேரத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.

12.08.2025 முதல் 11.09.2025 வரையிலான வாடகையே கடைசி வாடகை. அதன் பிறகு பில் போட வேண்டாம். டெபாசிட் 7,200 ரூபாயை, ஒப்பந்தப்படி ஒப்படைத்த 15 வேலைநாள்களுக்குள், உங்களிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். பிடித்தம் ஏதும் இருந்தால் காரணத்தையும் தொகையையும் முன்கூட்டியே எழுத்தில் தரவும்.

இக்கடிதம் கிடைத்த தேதியை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தவும்.

இவ்வளவுதான். ஏன் காலி செய்கிறேன், எங்கே போகிறேன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை, அது அவர்களுக்குத் தேவையில்லை. "காலி செய்யலாம் என்று இருக்கிறேன்" என்பதுபோல் இழுத்து எழுதவும் கூடாது. அதை நோட்டீஸாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "முடித்துக்கொள்கிறேன்" என்று தேதியோடு எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு அன்றே அனுப்பினேன். அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் போட்டேன். (அதன் பிறகு பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது அனுப்புகிறவர்கள் அதில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.) மின்னஞ்சலுக்கு மூன்று நாள் பதில் வரவில்லை. தபால் 6ஆம் தேதி சேர்ந்ததாகக் கையெழுத்தும் முத்திரையுமாக அட்டை திரும்பி வந்தது. அதன் பிறகுதான் "நோட்டீஸ் பெறப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது.

வாடகை யுபிஐ ஆட்டோபேயில் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி கடைசி வாடகை பிடித்ததும், அன்றே செயலியில் போய் அந்த ஆட்டோபேயை ரத்து செய்தேன். அதற்கு முன்னால் ரத்து செய்திருந்தால் வாடகை பாக்கி விழுந்திருக்கும். பாக்கி இருந்தால் அவர்கள் தங்கள் பூட்டையும் மேலே போட்டுவிடலாம், கட்டும்வரை பொருளை எடுக்கவிடாமல் வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சாமான் உள்ளே இருக்கும்போது அந்த நிலைமை வரக் கூடாது.

ஆகஸ்ட் 30, செப்டம்பர் 6 என்று இரண்டு சனிக்கிழமைகளில் சின்ன யானை வண்டி வைத்து எல்லாவற்றையும் எடுத்தோம். பொம்மைப் பெட்டிகளை அம்மா வண்டியில் ஏற்றவிடவில்லை, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெட்டியை அங்கேயே திறந்து பார்த்தார். தசாவதார செட்டில் வாமனரின் குடைக்காம்பு மட்டும் உடைந்திருந்தது. மற்றதெல்லாம் பழைய வேட்டித் துணிக்குள், அந்துருண்டை வாசனையோடு, சுற்றி வைத்தபடியே இருந்தன.

10ஆம் தேதி காலை யூனிட்டைப் பெருக்கி, பூட்டை எடுத்து, நான்கு சுவர், தரை, ஷட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். அவர்கள் தரப்பில் உடன் வந்த பையன் இடது சுவரில் பழுப்பாக இருந்த நீர்க்கறையைக் காட்டி, "பெயின்ட் சார்ஜ் 600 ரூபாய் ஆகும் சார்" என்றான். 2022 மார்ச்சில் சாமான் வைப்பதற்கு முன்னால் என் மனைவி எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதே கறை, அதே இடம். அதைக் காட்டியதும் மேலாளரிடம் போனில் பேசிவிட்டு, சீட்டில் "சேதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதியதைப் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே அந்தச் சீட்டின் படத்தையும் யூனிட் போட்டோக்களையும் அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பொருள்களுக்கு எடுத்திருந்த காப்பீட்டை அதன் பிறகுதான் நிறுத்தினேன். வண்டியில் போகும் நாள்வரை அது நடப்பில் இருக்கட்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

12ஆம் தேதி புது பில் வரவில்லை. டெபாசிட் 7,200 ரூபாய் செப்டம்பர் 26ஆம் தேதி, பிடித்தம் எதுவும் இல்லாமல் கணக்கில் ஏறியது. அப்போது வீட்டில் கொலு வைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வாமனரின் குடைக்கு அம்மா ஒரு பல்குச்சியை ஒட்டி வைத்திருந்தார்.