மெதுவாகக் கற்கும் நல்ல ஊழியர்: நிரந்தரமா, நீட்டிப்பா, இடமாற்றமா, விடுவிப்பா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில், ஆர்டரைத் தொடக்கம் முதல் ஏற்றுமதி வரை கவனிக்கும் வேலைக்கு உதவி மெர்ச்சண்டைசர்களாக ஒரே நாளில் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த இளம்பெண், மற்றவர் பெருந்துறைக்காரர். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் ஐந்து மாதம் முடிந்து மதிப்பீட்டுப் படிவம் மேசைக்கு வந்துவிட்டது. இருவருக்கும் வேலை கற்றதில் 5-க்கு 2, மனப்பான்மையில் 5-க்கு 5, சராசரி 3.5. சராசரி 3-க்கு மேல் இருந்தால் பணியை உறுதி செய்யலாம் என்பது அந்தப் படிவத்தின் விதி. ஆனால் இந்த இருவருக்கும் ஒரே முடிவை எடுப்பது தவறு என்பதே என் கருத்து. அந்தத் தவறுக்கு வழிவகுப்பது அந்தச் சராசரிதான்.

காரணத்தை அறிய அவர்கள் தயாரித்த கணக்குத் தாள்களைப் பார்க்க வேண்டும். மெர்ச்சண்டைசர் முதலில் கற்க வேண்டியவற்றுள் முக்கியமானது துணித் தேவைக் கணக்கு. எல்லோரும் கன்சம்ப்ஷன் என்று சொல்வது இதைத்தான். சாதாரண டி-ஷர்ட் ஒன்றுக்கு உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 6 என்று வைத்தால் நீளம் 100 ஆகிறது. மார்பகலத்தில் பாதி 54, அதனுடன் தையலுக்கு 4 சேர்த்தால் 58. துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, 180 கிராம் என்றால் கணக்கு இப்படி வரும்:

```
100 × 58 × 2 × 180 ÷ 1,00,00,000 = 0.2088 கிலோ
```

இதனுடன் 10 சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்தால் ஓர் உருப்படிக்கு ஏறத்தாழ 230 கிராம் வரும். கழுத்துக்கு வேண்டிய ரிப் துணியைத் தனியாகக் கணக்கிட வேண்டும். 10,000 உருப்படி ஆர்டரில் வேஸ்டேஜைச் சேர்க்க மறந்தால் 200 கிலோவுக்கு மேல் துணி குறையும். குறைந்த துணியைப் பிறகு வாங்கிச் சாயமேற்றினால் அது வேறொரு லாட் ஆகிவிடும். முதல் லாட்டின் நிறத்தோடு அது முழுமையாகப் பொருந்தும் என்று எந்தச் சாயப்பட்டறைக்காரரும் உறுதி தரமாட்டார். எனவே இந்தத் தாளில் நேரும் தவறு ஒரு மாதம் கழித்து, கட்டிங் மேசையில்தான் வெளிப்படும்.

அந்தப் பெண்ணின் தாள்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தால், இரண்டாம் மாதத்தில் வேஸ்டேஜும் ரிப்பும் விடுபட்டிருக்கின்றன. மூன்றாம் மாதம் முதல் அவ்விரண்டும் எந்தத் தாளிலும் விடுபடவில்லை. நான்காம் மாதத்தில் காம்பாக்டிங் முடிந்த துணியின் ஜி.எஸ்.எம்.முக்குப் பதிலாகச் சாயமேற்றாத துணியின் ஜி.எஸ்.எம்.மைப் போட்டிருக்கிறார், கொள்முதலுக்கு முன் அவரே அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பின் அது திரும்ப வரவில்லை. ஐந்தாம் மாதத்தில் பிரஷ்டு ஃபிலீஸ் துணிக்கும் சாதாரண சிங்கிள் ஜெர்சிக்குரிய இழப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறார். பிரஷ் செய்யும்போது பஞ்சு உதிர்வதால் எடை கூடுதலாகக் குறையும் என்பதை அவருக்கு அதற்கு முன் யாரும் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் தாளுக்கு அவருக்கு இன்னும் அரை நாள் ஆகிறது. தொடக்கத்தில் ஒரு முழு நாள் ஆனது.

பெருந்துறைக்காரரின் தாள்களில் தவறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான், ஆனால் வகை வேறு. ரிப் இரண்டாம் மாதத்தில் விடுபட்டது, மூன்றாம் மாதத்திலும் விடுபட்டது, ஐந்தாம் மாதத்திலும் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே வருந்தி, இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தாளைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். அந்த உழைப்பே மனப்பான்மைக்கு 5 வாங்கித் தந்தது. முதலாமவரின் கற்றல் மெதுவாக ஆனாலும் முன்னேறுகிறது. இரண்டாமவரின் கற்றல் இந்த வேலையில் ஒரே இடத்தில் நிற்கிறது. படிவத்தில் இரண்டுமே '2' என்றுதான் பதிவாகியிருக்கின்றன.

முதல் வழி, இருவரையும் இப்போதே உறுதி செய்வது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. வேகமாகக் கற்ற பலர் ஓராண்டு முடிவதற்குள் கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவதைத் திருப்பூரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிலைத்திருப்பவருக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் உறுதி செய்த மறுநாளே இரண்டாவது நபர் சரிபார்க்கும் ஏற்பாடு பெரும்பாலும் நின்றுவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இதுவரை சீனியர் ஒருவர் பார்த்துத் திருத்திய தாள் இனி நேராகத் துணி கொள்முதலுக்குப் போகும். பெண்ணின் தாளுக்கே இது இரண்டு மாதம் முந்தியது. பெருந்துறைக்காரரின் தாளுக்கோ எப்போதுமே பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது வழி, தகுதிகாண் காலத்தை நீட்டிப்பது. பல நிறுவனங்கள் இதை முடிவைத் தள்ளிப்போடும் வசதியாகவே பயன்படுத்துகின்றன. "இன்னும் மூணு மாசம் பார்க்கலாமுங்க" என்று மேலாளர் சொல்ல, எதைப் பார்ப்பது என்று யாரும் எழுதுவதில்லை. மூன்று மாதம் கழித்து அதே படிவம், அதே 2, அதே 5. அந்தக் காலம் முழுவதும் ஊழியர் கலங்கியபடி இருப்பார். கலங்கியவர் கேள்வி கேட்க மாட்டார்.

நம் ஊர் அலுவலகங்களுக்கே உரிய ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மூத்தவர் விளக்கும்போது குறுக்கே கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள். புரியாவிட்டாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்த் தனியாகப் போராடுவார்கள். அந்தப் பணிவைப் படிவத்தில் நல்ல மனப்பான்மை என்று எழுதுகிறோம். அதனால் விளையும் தாமதத்தை மந்தம் என்று எழுதுகிறோம். அந்தப் பெண்ணின் அரை நாளில் எவ்வளவு நேரம் கணக்குக்கும் எவ்வளவு நேரம் கேட்கத் தயங்கியதற்கும் போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அவரை மதிப்பிட முடியாது. விளக்கியவுடன் "இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டாலே இது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே நீட்டிப்பு பயன்பட வேண்டுமானால், அது குறுகியதாகவும் எதை எதிர்பார்க்கிறோம் என்பது எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எட்டு வாரம் போதும். ஜெர்சி, ரிப், இன்டர்லாக், ஃபிலீஸ் ஆகிய நான்கு வகைத் துணிகளுக்கும் அவரே தாள் போட வேண்டும்; முன்பு திருத்தப்பட்ட எந்தத் தவறும் திரும்ப வரக்கூடாது; கடைசி இரண்டு வாரங்களில் ஒரு தாள் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். புதிய வகைத் தவறு வந்தால் அதைக் குறையாகக் கணக்கிடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். வாரத்துக்கு இருமுறை அவருடன் உட்காரப்போகும் சீனியர் யார் என்பதும் உத்தரவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீட்டிப்பின் பாரம் முழுவதும் ஊழியர் தலையில் மட்டுமே விழும்.

சட்டத்தின் பக்கமும் கவனம் வேண்டும். நீட்டிப்பு உத்தரவைத் தகுதிகாண் காலம் முடிவதற்கு முன்பே எழுத்தில் தந்துவிட வேண்டும். அதிகபட்சக் காலம் விதியில் வரையறுக்கப்பட்டிருந்து, அதையும் தாண்டி ஒருவரைப் பணியில் தொடரவிட்டால் அவர் உறுதி செய்யப்பட்டவராகவே கருதப்படுவார் என்று 1968-இல் பஞ்சாப் மாநில அரசு எதிர் தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது அரசுப் பணி பற்றிய வழக்கு என்றாலும், நியமன உத்தரவில் உச்சவரம்பு எழுதியிருக்கும் தனியார் நிறுவனமும் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேலும், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். நீட்டிப்பைத் தொடர்கதையாக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வேலையை மாற்றிக் கொடுப்பது. பெருந்துறைக்காரருக்கு இதுவே சரி என்று நினைக்கிறேன். ஆனால் நல்ல பையன், எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம் என்ற இரக்கத்தில் அது நடக்கக்கூடாது. அவர் எதைச் சரியாகச் செய்தார் என்று தேட வேண்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எனத் துணி நான்கு இடங்களுக்குப் போய் வரும் நம் ஊரில், தினமும் ஒவ்வோர் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் நேரில் போய் நிலவரம் பார்த்துச் சொல்பவர் வேண்டும். இவர் சொன்ன தேதிகள் தவறியதில்லை. சாயப்பட்டறையில் லாட் தாமதமாகும் என்பதை முன்கூட்டியே இரண்டு முறை தெரிவித்திருக்கிறார். அப்படியானால் அவருக்கு உரிய இடம் உற்பத்திப் பின்தொடர்வு. மாற்றத்துக்கு முன் மூன்று வாரம் அந்த வேலையைச் செய்து பார்க்கச் சொல்லலாம். சம்பளம் குறையுமா, அதே பதவிப் பெயர் இருக்குமா என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துச் செய்த மாற்றத்தைத் தண்டனை என்றே எவரும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஓர் இடமே நிறுவனத்தில் காலியில்லை என்றால், இல்லாத வேலையை உருவாக்கி அவரை அதில் உட்கார வைப்பது அவருக்கும் நல்லதல்ல.

அப்போதுதான் நான்காவது வழி வருகிறது. விடுவிப்பதானால் ஐந்தாம் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஆறாம் மாதத்தின் கடைசி நாளில் அல்ல. அடுத்த வேலை தேட அவருக்கு அவகாசம் வேண்டும். உத்தரவில் இந்தப் பணிக்குரிய தேர்ச்சி எட்டப்படவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நேர்மையையோ நடத்தையையோ குறை சொல்லும் ஒரு சொல் வந்தாலும், விசாரணையின்றிக் களங்கம் கற்பித்ததாக அது வழக்காகலாம். நன்றாக உழைத்த ஒருவரை விடுவிக்கும் கடிதத்தில் அப்படியொரு சொல்லுக்கு இடமும் இல்லை.

மதிப்பீட்டுப் படிவத்தைப் பொறுத்தவரை, மனப்பான்மைக்கு எண் கொடுப்பதையே நிறுத்திவிட்டு, அது வேலையில் எங்கே தெரிந்தது என்று எழுதச் சொல்வேன். இரவு எட்டு மணி வரை இருந்தார் என்பது உழைப்பைக் காட்டும், கற்றலைக் காட்டாது. தன் தவறைத் துணி சாயத்துக்குப் போகும் முன்பே தானாக வந்து சொன்னார் என்பது இரண்டையும் காட்டும். அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டிய குறிப்பு இவ்வளவுதான்: "துணித் தேவைக் கணக்கில் வேகம் போதவில்லை, ஒரு தாளுக்கு அரை நாள் ஆகிறது. திருத்தப்பட்ட தவறு எதுவும் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. நான்காம் மாதத்தில் தவறான ஜி.எஸ்.எம்.மைக் கொள்முதலுக்கு முன் அவரே கண்டுபிடித்துத் தெரிவித்தார். எட்டு வார நீட்டிப்பு, இலக்குகள் இணைக்கப்பட்டுள்ளன." பலமும் குறையும் இதில் ஒன்றையொன்று ஈடுகட்டவில்லை, இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. இதைப் படிக்கும் அவருக்கு நாளைக் காலை எந்தத் தாளை எடுத்து உட்கார வேண்டும் என்பதும் தெரிகிறது.