மண்டபம் பிடிப்பவர்கள் கவனத்துக்கு: விலைச்சீட்டில் இல்லாத 18 சதவீதம்

கும்பகோணத்தை அடுத்த ஒரு கல்யாண மண்டபம். முன்பதிவின்போது கொடுத்த விலைச்சீட்டில் "வாடகை ரூ.80,000, துப்புரவு ரூ.6,000, ஜெனரேட்டர் ரூ.4,500, கரண்ட் யூனிட்டுக்கு ரூ.25" என்று இருந்தது. வரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெண் வீட்டார் அட்வான்ஸ் 20,000, திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 10,000 என்று 30,000 கட்டினார்கள். வெள்ளைத்தாளில் ஒரு ரசீது கிடைத்தது.

கல்யாணம் முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றும் நேரத்தில் பில் வந்தது. 212 யூனிட் கரண்டுக்கு 5,300 சேர்த்து மொத்தம் 95,800. கட்டியது போக 65,800 என்று எடுத்து வைத்திருந்தார்கள். கேட்டதோ 84,844. "ஜி.எஸ்.டி. சார், கவர்ன்மென்டுக்குப் போறது" என்றார் மேனேஜர். மொய்ப்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை ஒப்படைத்தார்கள். அந்த நேரத்தில் யாரால் வாதாட முடியும்?

வரி உண்மைதான். மண்டப வாடகைக்கு 18 சதவீதம். துப்புரவும் ஜெனரேட்டரும் வாடகையோடு சேர்ந்த சேவை என்பதால் அவற்றுக்கும் உண்டு. மின்வாரியத் தொகையை அப்படியே வாங்காமல் மண்டபமே விலை வைத்து விற்கும் கரண்டுக்கும் உண்டு. ஆக 95,800-க்கு வரி 17,244. ஆனால் பில்லில் இருந்தது 19,044. 10,000 டெபாசிட்டுக்கும் சேர்த்து வரி போட்டிருந்தார்கள். டெபாசிட்டை வாடகையிலோ சேதத்திலோ கழிக்காதவரை அது விலை ஆகாது, வரியும் கிடையாது. இங்கே போலப் பில்லில் கழித்துக்கொண்டாலும் அது ஏற்கெனவே வரி போட்ட 95,800-க்குள் அடங்கிவிடும், அதற்கு இன்னொரு முறை வரி வராது. அந்த 1,800 பிறகு கேட்டு வாங்கியதுதான்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அட்வான்ஸ் ரசீது. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. பதிவு பெற்ற மண்டபம் தரவேண்டியது வெறும் கைச்சீட்டு இல்லை. வரி விகிதமும் வரித்தொகையும் எழுதிய பற்றுச்சீட்டு. 20,000 வரி சேர்ந்த தொகை என்றால் அதில் வரி 3,051 என்று அன்றே தெரிந்திருக்கும். ஆகவே வரி "கடைசியில் வந்தது" என்ற பேச்சை ஏற்காதீர்கள். மண்டபத்துக்கு முதல் நாளே தெரியும்.

முன்பதிவுக்கு முன் விலைச்சீட்டின் அடியில் "மேற்கண்ட விலைகள் வரி உட்பட" அல்லது "வரி தனி, 18%" என்று எழுதி முத்திரை வைத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு மண்டபம் பாருங்கள். அப்படியே ஜி.எஸ்.டி. எண்ணையும் கேளுங்கள். மொத்தம் 15 இடங்கள்; தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால் பதிவு Active-ஆக இருக்கிறதா, எந்த வகை என்று தெரியும். Composition என்று காட்டினால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க அவருக்கு உரிமை இல்லை. பதிவே இல்லாதவருக்கும் இல்லை.

கோயில் மண்டபம் நிறைந்த ஊர் நம்முடையது என்பதால் ஒன்று: பொது வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில், பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் மண்டபத்துக்கு நாள் வாடகை ரூ.10,000-க்குக் கீழே இருந்தால் வரிவிலக்கு. 10,000 ஆகிவிட்டால் விலக்கு போய்விடும்.

மண்டபம் நடத்துகிறவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. மேலே சொன்ன சீட்டையே வாடகை 94,400, துப்புரவு 7,080, ஜெனரேட்டர் 5,310, கரண்ட் யூனிட்டுக்கு 29.50, எல்லாம் வரி உட்பட என்று அச்சடித்திருந்தால் அதே 1,13,044 சண்டையில்லாமல் வந்திருக்கும். 80,000 என்று போட்டால்தான் ஆள் வருவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் டெல்டாவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்தான் அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் சொல்கிறார்.

சீட்டை மாற்றியதும் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். முதலாவது, பில் போடும் மென்பொருள் பழையபடி "வரி தனி" என்றே இருந்தால் 94,400 மேல் இன்னொரு 16,992 ஏறி 1,11,392 ஆகும். அமைப்பை மாற்றிவிட்டு ஒரு மாதிரி பில் அடித்து, கடைசித் தொகை சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வரியைப் பிரிக்கும்போது 94,400-இல் 18 சதவீதம் கழிப்பது. அப்படிச் செய்தால் வாடகை 77,408 என்று தப்பாக வரும். சரியான கணக்கு:

```
வரி = தொகை × 18 ÷ 118
94,400 × 18 ÷ 118 = 14,400
```

மத்திய வரி 7,200, மாநில வரி 7,200. பில்லில் இவ்விரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வாசலில் மாட்டும் பலகைக்கு 94,400 மட்டும் போதும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் விலைச்சீட்டு, அட்வான்ஸ் ரசீது, கடைசி பில் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.